மூன்று பந்தும் மேலே போனால் போதாது: மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சுப் பயிற்சி

மாமாவுக்குப் பித்தப்பைக் கல். நாலு துளை போட்டு எடுத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். உள்ளே பித்தப்பை சீழ் பிடித்துச் சுற்றிலும் ஒட்டிக்கிடந்ததால் பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது. வலது விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு சாண் நீளத்துக்குத் தையல். அறுபதைத் தாண்டியவர், குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், முப்பது வருஷம் பீடி பிடித்த நெஞ்சு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சிக்கல் வந்தது நுரையீரலில். அதற்குக் காரணமான விஷயங்களில் பாதி, கையில் தந்த ஒரு பக்கத் தாளில் எழுதப்படாதவை. கூட நிற்க வேறு ஆளில்லாமல் ராத்திரி பகலாகத் தனியே நிற்கும் யாருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அந்தத் தாள் முழுக்க ஆங்கிலம். ஸ்பைரோமீட்டர், மணிக்குப் பத்து முறை, நிறைய நடக்கவும், இருமவும், அவ்வளவுதான். கூடவே பிளாஸ்டிக்கில் மூன்று குழாயும் குழாய்க்கு ஒரு பந்துமாக ஒரு கருவி, அதுதான் ஸ்பைரோமீட்டர். பில்லில் 650 ரூபாய். வெளியே மருந்துக்கடைகளில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். மாமா அதை வாயில் வைத்து பலங்கொண்ட மட்டும் ஊதினார். "லேய் மருமோனே, ஊதுனா பந்து அனங்கவே மாட்டேங்கு" என்றார். டியூட்டியில் இருந்த சிஸ்டர் போகிற போக்கில், "ஊதக்கூடாது அப்பா, இழுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு ஒரே வெட்டில் இழுத்து மூன்று பந்தையும் டப்பென்று மேலே முட்டவைத்தார். சார்ட்டில் 'மூன்று பந்து, நன்று' என்று எழுதினார்கள். அடுத்த நாள் சாயங்காலம் காய்ச்சல் 101. விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் 91. நிமிஷத்துக்கு 28 மூச்சு. சளி மஞ்சளாக வந்தது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கியிருந்தது, நிமோனியாவும் தொடங்கியிருந்தது.

மூன்று பந்தும் போனவருக்கு ஏன் நுரையீரல் சுருங்கியது? அங்கே இருந்த யாரும் இதை விளக்கவில்லை. மறுநாள் வந்த பிசியோதெரபி பெண்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கருவியின் மேலேயே 600, 900, 1200 என்று அச்சிட்டிருக்கும். அது எவ்வளவு காற்று உள்ளே போனது என்பதன் அளவு அல்ல, எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதன் அளவு. நொடிக்கு 600 மில்லி வேகத்தில் இழுத்தால் முதல் பந்து எழும், 900-க்கு இரண்டாவது, 1200-க்கு மூன்றாவது. மாமா மூன்றையும் எழுப்பியது அரை நொடி. 1200-இல் பாதி, 600 மில்லி. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் இழுக்கும் மூச்சே ஏறக்குறைய 500 மில்லி. ஆக அத்தனை சிரமமும் சாதாரண மூச்சைவிடக் கொஞ்சமே அதிகம். அதுவே முதல் பந்தை மட்டும் எழுப்பி மூன்று நொடி மேலேயே நிறுத்தினால் 600 பெருக்கல் 3, 1800 மில்லி. ஒற்றைப் பந்து மூன்று பந்தைப்போல மூன்று மடங்கு. இது தோராயக் கணக்குதான், ஆனால் எந்தத் திசையில் முயற்சி செய்ய வேண்டும் என்பதைச் சரியாகச் சொல்லிவிடும். பந்தின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், பந்து மேலே நிற்கும் நொடியை எண்ணுங்கள். பழகிய பிறகு இரண்டாவது பந்தும் சேர்ந்து எழலாம். மூன்றாவது அடியிலேயே கிடக்கட்டும். அது எழுந்தால் அவசரப்படுகிறார் என்று பொருள்.

வேகமும் அளவும் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆபரேஷன் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானம் என்ற தசைத் தட்டுக்கு. அது கீழே இறங்கினால்தான் நுரையீரலின் அடிப்பகுதி விரியும். விலாவுக்குக் கீழே வெட்டும்போது கத்தி அதன் பக்கத்து வீட்டில்தான் நடக்கிறது. மயக்க மருந்தில் மல்லாந்து கிடந்த நேரத்திலேயே அடிப்பகுதியின் காற்றறைகள் கொஞ்சம் மூடிவிடுகின்றன. எழுந்த பிறகு உதரவிதானம் சில நாள் சோம்பிக் கிடக்கும். வலி பயத்தில் ஆளும் மேல் நெஞ்சால் சின்னச் சின்னதாக மூச்சு விடுவார். நாம் அறியாமலே அவ்வப்போது விடும் பெருமூச்சு வேறு நின்றுபோகும். மூடிய காற்றறைகள் திறக்க வழியில்லாமல் சளி தேங்கி, அதில் கிருமி பிடிக்கும். வெட்டென்று இழுக்கும் மூச்சு ஏற்கெனவே திறந்திருக்கும் மேல்பகுதிக்குத்தான் போகும். மெதுவாக இழுத்து, உள்ளே பிடித்து வைத்தால்தான் மூடிய அறைகள் ஒவ்வொன்றாகத் திறக்க நேரம் கிடைக்கும். முழங்காலிலோ அடிவயிற்றிலோ ஆபரேஷன் செய்தவரைவிட மேல்வயிற்றுக்காரருக்கு இந்த ஆபத்து கூடுதலாக இருப்பது இதனால்தான்.

இனி அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த முறை. முதலில் உட்காரும் விதம். ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினால் கொஞ்ச நேரத்தில் ஆள் கீழே சறுக்கி, வயிறு மடிந்து, தாடை நெஞ்சில் முட்டக் கிடப்பார். அந்த நிலையில் உதரவிதானம் இறங்க இடமே இல்லை. நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் பட உட்காருவது மேல். இயலாவிட்டால் இடுப்பை மேலே நகர்த்தி, கட்டில் மடங்கும் இடத்தில் இடுப்பு இருக்கும்படி உட்கார வையுங்கள். வயிற்றுக்கு பெல்ட் கட்டியிருந்தால் அது விலாவின் மேல் ஏறி இறுக்குகிறதா என்று பார்த்து, பயிற்சி நேரத்துக்காவது தளர்த்தலாமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். பல்செட் இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் உதடு குழாயைக் கவ்வாது.

கருவியை நேராக, கண் மட்டத்தில் பிடிக்க வேண்டும். சாய்த்தால் பந்து லேசாக ஏறிவிடும், அது ஏமாற்று. முதலில் குழாயை வாயில் வைக்காமல் சாதாரணமாக மூச்சை வெளியே விட வேண்டும். முக்கித் தள்ள வேண்டாம். பிறகு பற்களுக்கு நடுவே வைத்து, நாக்கு ஓட்டையை அடைக்காமல், உதட்டால் கவ்வி, மெதுவாக இழுக்க வேண்டும். ஊதுபவர்களுக்கு "இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதுபோல" என்று எல்லாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஊதுவதை நிறுத்த அது உதவும். ஆனால் அதிலேயே ஒரு வில்லங்கமும் இருக்கிறது, இளநீரைக் கன்னத்தால் உறிஞ்சுவோம். கன்னம் குழிந்தால் பந்து ஒரு துள்ளு துள்ளி விழும், நெஞ்சுக்குள் ஒன்றும் போயிருக்காது. பக்கத்தில் நிற்பவர் நோயாளியின் இரண்டு பக்கமும் கீழ்விலாவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சரியாக இழுத்தால் கை வெளிப்பக்கமாக நகரும். தோள் மட்டும் தூக்கினால் தவறு. ஆபரேஷன் ஆன பக்கத்தில் நகர்வு குறைவாகத்தான் இருக்கும், அந்தப் பக்கக் கையை மூச்சால் தள்ளச் சொல்லுங்கள்.

இழுத்து முடிந்ததும் பந்து தானாக விழும். விழுந்ததோடு வேலை முடிந்ததென்று உடனே மூச்சை விடுவதுதான் அடுத்த தவறு. இழுத்த காற்றை மூன்றிலிருந்து ஐந்து நொடி உள்ளே பிடிக்க வேண்டும். "ஆயிரத்தி ஒண்ணு, ஆயிரத்தி ரெண்டு" என்று நாம் வாய்விட்டு எண்ணினால் அவர் அவசரப்படமாட்டார். பிறகு குழாயை வாயிலிருந்து எடுத்து நிதானமாக மூச்சு விடலாம். அடுத்ததற்கு முன் இரண்டு மூன்று சாதாரண மூச்சு. இந்த இடைவெளி இல்லாமல் பத்தையும் அடுத்தடுத்து முடித்தால் தலை சுற்றும், விரல்நுனி மரத்ததுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகும். மாமாவுக்கு ஐந்து, ஓய்வு, மறுபடி ஐந்து என்று பிரித்துக்கொண்டோம். மணிக்குப் பத்து என்பது விழித்திருக்கும் நேரத்துக்கு, தூக்கத்தில் எழுப்ப வேண்டாம். போனில் அலாரம் வையுங்கள், ஏனென்றால் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் இந்த மணிக்கணக்கைத் தின்றுவிடுவார்கள். ஒருமுறை கூட்டம் கூடிப் பேசிக்கொண்டிருந்ததில் நாலு சுற்று போய்விட்டது. வந்தவர்களையும் எண்ணச் சொல்லலாம், அவர்களுக்கும் ஒரு வேலை.

பந்து எழவே இல்லையென்றால் ஆளைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள். நெளிவுக் குழாய் பாதி கழன்றிருக்கும், அல்லது பெட்டியில் கீறல் இருந்து வழியிலேயே காற்று புகும். சிலர் மூக்கால் இழுத்துக்கொண்டே வாயால் இழுப்பதாக நினைப்பார்கள், மூக்கை மெல்லப் பிடித்தால் பந்து எழும். சில கம்பெனிக் கருவிகளின் பெட்டிக்குள் வரும் தாளில் தலைகீழாகப் பிடித்து ஊதும் படமும் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலர் ஊதத் தொடங்குகிறார்கள். மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு வேண்டியது இழுக்கும் பயிற்சி.

வலியைப் பற்றித்தான் மாமாவிடம் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. வலி மருந்து கிட்னியைக் கெடுக்கும், புண் ஆறாது என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு, சிஸ்டர் கேட்கும்போதெல்லாம் "வலி இல்ல மக்களே" என்பார். அவர் போனதும் மூச்சைப் பாதியில் நிறுத்துவார். எந்த மருந்து, எவ்வளவு என்பது டாக்டர் முடிவு. ஆனால் படுத்திருக்கும்போது வலி இருக்கிறதா என்பது சரியான கேள்வியே அல்ல. ஆழமாக இழுக்கும்போதும் இருமும்போதும் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்டு, அதைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மருந்து ஏறி அரைமணி நேரம் கழித்து வரும் சுற்றுதான் நல்ல சுற்று. நடக்க வைப்பதையும் அதையொட்டியே வைத்துக்கொண்டால் ஒரு மருந்தில் இரண்டு வேலை நடக்கும்.

பத்து மூச்சு முடிந்ததும் சளியை வெளியேற்ற வேண்டும். இதை யாரும் சொல்லாததால் முதல் நாட்களில் விட்டுப்போனது. ஒரு சின்னத் தலையணையையோ மடித்த துண்டையோ தையல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். அழுத்தம் இருந்தால் தையல் பிய்ந்துவிடும் என்ற பயமும் குறையும், வலியும் குறையும். முதலில் இருமல் அல்ல. நடுத்தரமாக மூச்சிழுத்து, வாயை நன்றாகத் திறந்து, தொண்டையை இறுக்காமல் 'ஹா' என்று காற்றை வெளியே தள்ள வேண்டும். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் சளி மேலே ஏறிவிடும். அதன்பிறகு ஒரே ஒரு நல்ல இருமல் போதும். மாமாவின் பீடி நெஞ்சுக்கு, பந்தைவிட இந்த 'ஹா' தான் அதிகம் உதவியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்து மட்டும் போதாது என்பதற்கு ஆதாரமும் உண்டு. மேல்வயிற்று ஆபரேஷன் நோயாளிகளிடம் இந்தக் கருவியைச் சோதித்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 2014-ஆம் வருஷத்துக் காக்ரேன் மதிப்பாய்வு, கருவி தனியாக நுரையீரல் சிக்கலைத் தடுக்கிறது என்பதற்கு நல்ல சான்று இல்லை என்றது. சுவாச சிகிச்சைக்கான அமெரிக்கச் சங்கத்தின் 2011 வழிகாட்டுதலும் கருவியை மட்டும் நம்ப வேண்டாம், ஆழ்ந்த மூச்சு, இருமல், நடை, வலி நிவாரணம் எல்லாவற்றோடும் சேர்த்தே கொடுங்கள் என்கிறது. அதனால் கருவி உடைந்தாலோ வாங்க முடியாவிட்டாலோ கலங்க வேண்டாம். அதே மெதுவான இழுப்பு, அதே பிடிப்பு, அதே 'ஹா', கையைக் கீழ்விலாவில் வைத்துக்கொண்டு செய்யலாம். கருவி தருவது கண்ணுக்குத் தெரியும் ஒரு குறி, அவ்வளவே.

எனக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது இன்னொரு ஆய்வு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆஸ்பத்திரிகளில் மேல்வயிற்று ஆபரேஷனுக்கு முந்தைய வாரங்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பிசியோதெரபிஸ்ட் அரைமணி நேரம் உட்கார்ந்து, நுரையீரல் ஏன் சுருங்கும், எழுந்ததும் எப்படி மூச்சு விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துப் பழக்கினார்கள். மற்றவர்களுக்கு வெறும் கையேடு. 2018-இல் வெளிவந்த முடிவில், கையேடு மட்டும் வாங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல், சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களில் 12 சதவீதம். ஒரே ஒரு அரைமணி நேரம். மாமாவுக்கு ஸ்கேன், ரத்தம், இசிஜி என்று ஒரு பகல் முழுக்க அலைந்த நாளில் அந்த அரைமணி தாராளமாக இருந்தது. அது இல்லாததால் பேக்கேஜ் 70,000 ரூபாய்க்கு மேல் ஏறத்தாழ 40,000 கூடியது: ஐசியு வாடகை, ஆக்சிஜன், ஆன்டிபயாட்டிக், தினம் ஒரு எக்ஸ்ரே. நல்ல தாள் இருந்திருந்தால் நிமோனியா வந்தே இருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது, பீடியும் பெரிய வெட்டும் அதன் பங்கைச் செய்திருக்கும். ஆனாலும் கோபம் ஆறவில்லை.

ஆகவே ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்கள், துளை போட்டுத்தான் செய்வோம் என்று சொல்லியிருந்தாலும், கருவியை முன்கூட்டியே வாங்கி வீட்டிலேயே பழகுங்கள். வலி இல்லாத உடம்பில் முதல் பந்து எத்தனை நொடி நிற்கிறது என்று குறித்துவையுங்கள், அதுதான் உங்கள் அளவுகோல். மில்லி அளவு போட்ட, பிஸ்டன் ஏறும் வேறு வகைக் கருவி கிடைத்தால் இன்னும் சுலபம், நேராகவே அளவைப் படிக்கலாம். ஆபரேஷன் முடிந்த அன்று அந்த எண் பாதிக்குக் கீழே விழுந்தால் அது எதிர்பார்க்கக்கூடியதே. அங்கிருந்து நாளுக்கு நாள் ஏற வேண்டும். மாமாவுக்குச் சரியான முறை தெரிந்த அன்று ஒரு நொடி, இரண்டு நாள் கழித்து இரண்டு நொடி, வீட்டுக்கு வரும்போது மூன்று தாண்டியது. ஏறிக்கொண்டிருந்தது திடீரென்று இறங்கினால், காய்ச்சல் வரும்வரை காத்திராமல் அன்றே சொல்லுங்கள். பீடி, சிகரெட்டைத் தேதி குறித்த அன்றே நிறுத்திவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் நன்றாக நடமாடி, இருமும்போது சளி இல்லாமல், பழைய நொடிக் கணக்கை எட்டும்வரை செய்யச் சொன்னார்கள், மாமாவுக்கு அது இரண்டு மூன்று வாரம் ஆனது. வாய்க்குழாயை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தலாம், வெந்நீரில் கொதிக்க வைக்கக்கூடாது. ஒருவர் பயன்படுத்தியதை அடுத்தவர் ஆபரேஷனுக்கு இரவல் கொடுக்க வேண்டாம், எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும். வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது வற்புறுத்தாதீர்கள். உணவுக்குழாய், இரைப்பை போன்ற இடங்களில் தையல் உள்ளவர்களும், ஏற்கெனவே நுரையீரல் நோய் உள்ளவர்களும் எப்போது தொடங்கலாம் என்று சர்ஜனிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினாலோ, சும்மா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 25-க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மஞ்சள் பச்சைச் சளி வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீக்கம், இருமியதும் தையலில் இருந்து வெளிர்சிவப்பில் தண்ணீர்போல் ஒழுகல், இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் வண்டி பிடித்து ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரியோ பக்கத்தில் எமர்ஜென்சி உள்ள எந்த ஆஸ்பத்திரியோ போய்விடுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் 108.